மூடிய அலமாரிக்குள் செட்டாப் பாக்ஸ்: ஐஆர் எக்ஸ்டெண்டரா, கதவை மாற்றுவதா?

திருநெல்வேலிப் பக்கம் இப்போது புது வீடு கட்டுகிறவர்களும் பழைய வீட்டில் உள்வேலை செய்கிறவர்களும் ஹாலில் ஒரு டிவி யூனிட் அடித்துவிடுகிறார்கள். சுவரில் டிவி, அதன் கீழே நீளமாக ஒரு பெட்டி, பிளைவுட்டில் மைக்கா ஒட்டிய கதவுகள். ஒரு வயர்கூட வெளியே தெரியக் கூடாது என்று ஆசாரியிடம் சொல்லி, செட்டாப் பாக்ஸையும் அந்தப் பெட்டிக்குள்ளேயே வைத்துவிடுகிறார்கள். பால் காய்ச்சிக் குடிபோன மறுநாள்தான் விஷயம் தெரிகிறது. கதவைச் சாத்தினால் ரிமோட் வேலை செய்வதில்லை. கதவைத் திறந்து போட்டால் அத்தனை செலவு செய்து அடித்த யூனிட் பாதி திறந்த பீரோ மாதிரி நிற்கிறது.

இதற்கு என்ன வழி என்று என்னிடம் அடிக்கடி கேட்கிறார்கள். ரிமோட்டின் ஒளியை வயர் வழியாக உள்ளே கொண்டுபோகும் ஐஆர் எக்ஸ்டெண்டர் வாங்கலாமா, கண்ணாடிக் கதவு போடலாமா, பாக்ஸை டிவிக்குப் பின்னால் மாட்டிவிடலாமா, போனிலேயே ரிமோட் வைத்துக்கொள்ளலாமா? நான்கும் நடக்கக்கூடியவைதான். ஆனால் எல்லா வீட்டுக்கும் எல்லாம் பொருந்தாது.

## எதை வைத்து முடிவு செய்வது

முதலில் பார்க்க வேண்டியது, ரிமோட் பெரும்பாலும் யார் கையில் இருக்கிறது என்பதை. விலையைப் பிறகு பார்க்கலாம். மத்தியானமும் ராத்திரியும் டிவி பார்ப்பது ஆச்சியும் தாத்தாவும் என்றால், அவர்கள் கையில் இருக்கும் அதே ரிமோட், அதே பட்டன், அதே பழக்கம் நீடிக்க வேண்டும். புதிதாக ஒரு பொருளைக் கற்றுக்கொள்ளச் சொல்லும் எந்த வழியும் அந்த வீட்டில் ஒரு வாரம் தாங்காது.

இரண்டாவது, ஆஃப் ஆகிக் கிடக்கும் பாக்ஸை ரிமோட்டிலேயே ஆன் செய்ய முடிகிறதா என்பது. சேனல் மாற்றத் தெரிந்த ஏற்பாடு, காலையில் ஆன் செய்யத் தெரியாமல் போவது நிறைய நடக்கிறது. அதன் காரணம் மின்சாரம் எங்கிருந்து எடுக்கிறோம் என்பதில் இருக்கிறது.

மூன்றாவது, சூடு. செட்டாப் பாக்ஸ் ஓடும்போது சூடாகும் பொருள். ரிமோட்டில் அணைத்தாலும் பல பாக்ஸ்கள் உள்ளே விழித்தே இருக்கும், தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கும். நம் ஊர்ச் சித்திரை வைகாசியில், காற்றுப் போகாத பெட்டிக்குள் அது என்ன பாடுபடும் என்று சொல்ல வேண்டியதில்லை. ரிமோட் பிரச்சினை தீர்ந்ததும் கதவை நிம்மதியாகச் சாத்திவிடுகிறோம். சூட்டுப் பிரச்சினை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

நான்காவது, ஆசாரி வேலை முடிந்துவிட்டதா, இனிமேல்தானா என்பது. இந்த ஒரு கேள்விக்கான பதிலே பாதி முடிவைச் சொல்லிவிடும்.

## ரிமோட் ஏன் கதவைத் தாண்டுவதில்லை

ரிமோட்டின் முனையில் இருக்கும் சிறு விளக்கு அகச்சிவப்பு ஒளியை, அதாவது ஐஆர் ஒளியை, விடுகிறது. பொதுவாக 940 நானோமீட்டர் அலைநீளம், கண்ணுக்குத் தெரியாது. அந்த ஒளி நொடிக்குச் சுமார் 38,000 முறை, அதாவது 38 கிலோஹெர்ட்ஸ் வேகத்தில், மினுக்கி மினுக்கி வருகிறது. பாக்ஸின் முகப்பில் இருக்கும் கண் அந்த மினுக்கலை மட்டும் பிரித்தெடுத்து, எந்தப் பட்டன் என்று புரிந்துகொள்கிறது. ஒளி என்பதால் மரம், பிளைவுட், மைக்கா எதையும் தாண்டாது. சாதாரணக் கண்ணாடியைத் தாண்டும். வெள்ளைச் சுவரில் பட்டுத் திரும்பியும் வரும்; அதனால்தான் சில வீடுகளில் கதவை ஒரு விரல் அளவு திறந்து வைத்தாலே எப்படியோ வேலை செய்துவிடுகிறது.

எதையும் வாங்குவதற்கு முன் ஒரு சோதனை செய்துவிடுங்கள். ரிமோட்டின் முனையைக் கையால் நன்றாகப் பொத்திக்கொண்டு சேனலை மாற்றிப் பாருங்கள். அப்படியும் மாறினால் உங்கள் ரிமோட் புளூடூத்தில் பேசுகிறது. பேசித் தேடும் வசதி உள்ள ஆண்ட்ராய்டு பாக்ஸ்கள் பலவற்றில் இப்படி உண்டு. புளூடூத் மரக்கதவைத் தாண்டிப் போகும், எக்ஸ்டெண்டரே தேவைப்படாமல் போகலாம். ஆனால் அதே ரிமோட்டில் பவர் பட்டன் மட்டும் அகச்சிவப்பில் போகிற மாதிரி செய்திருக்கலாம். அதையும் தனியாக அமுக்கிப் பாருங்கள். சாதாரண கேபிள் பாக்ஸ்களில் பெரும்பாலும் எல்லாப் பட்டனும் ஒளிதான்.

## முதல் வழி: கதவை மாற்றுவது

யூனிட் இன்னும் அடித்து முடியவில்லை என்றால், பாக்ஸ் இருக்கப்போகும் அறைக்கு மட்டும் வேறு கதவு போடச் சொல்லுங்கள். என் கணக்கில் எல்லா வழியிலும் நல்லது இதுதான். சட்டம் அடித்து, நடுவில் பிரம்புப் பின்னல் வைத்த கதவு. பழைய நாற்காலிகளின் முதுகில் பார்த்திருப்பீர்களே, அந்தப் பின்னல். அதன் ஓட்டைகள் வழியாக ரிமோட் ஒளியும் போகும், சூட்டுக் காற்றும் வெளியேறும். வயர் இல்லை, மின்சாரம் இல்லை, கெட்டுப்போக ஒன்றும் இல்லை. பாக்ஸும் கண்ணில் படாது. சாய்வுச் சட்டம் வைத்த கதவும் இப்படித்தான், ஆனால் சட்டங்கள் நெருக்கமாகவும் கீழ்நோக்கியும் இருந்தால் சோபாவில் உட்கார்ந்திருப்பவரின் ரிமோட்டை அவை மறைத்துவிடும். சட்டம் அடிக்கும்போதே ரிமோட்டை வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கண்ணாடிக் கதவு அடுத்தது. இதில் கவனம் வேண்டும். தெளிந்த கண்ணாடியில் ரிமோட் நன்றாக வேலை செய்யும். பின்பக்கம் பெயின்ட் பூசி விற்கும் வண்ணக் கண்ணாடியில் செய்யாது. அது பார்க்க அழகு, ஆனால் ஒளிக்கு மரப்பலகை மாதிரிதான். வெயில் தடுக்கும் ஃபிலிம் ஒட்டிய கண்ணாடியும் அகச்சிவப்பைத் தடுக்கலாம். கடையில் துண்டுக் கண்ணாடி வாங்கி வந்து, பாக்ஸுக்கு முன்னால் பிடித்து, வழக்கமாக உட்காரும் இடத்திலிருந்து ரிமோட்டை அமுக்கிப் பார்த்துவிட்டு ஆர்டர் கொடுங்கள்.

மறைந்திருக்கும் செலவு என்னவென்றால், முடிந்த யூனிட்டில் ஒரு கதவை மட்டும் மாற்றுவது சின்ன வேலை மாதிரி தெரியும். ஆனால் மைக்காவின் நிறம் மறுபடி அதே மாதிரி கிடைக்க வேண்டும், கீல் இடம் மாறும், ஆசாரி ஒரே ஒரு கதவுக்கு வந்து நிற்க மாட்டார். கண்ணாடிக் கதவு ஒளிப் பிரச்சினையைத்தான் தீர்க்கும், சூட்டை அப்படியே வைத்திருக்கும் என்பதும் நினைவிருக்கட்டும்.

## இரண்டாம் வழி: பாக்ஸை வெளியே கொண்டுவருவது

சின்ன பாக்ஸ் என்றால் டிவிக்குப் பின்னால், கீழ் விளிம்பை ஒட்டி மாட்டலாம். பாக்ஸின் கண் மட்டும் டிவியின் அடியில் ஒரு விரற்கடை எட்டிப் பார்த்தால் போதும். செலவு கிட்டத்தட்ட இல்லை.

இதில் பார்க்க வேண்டியது இரண்டு. டிவி சுவரோடு ஒட்டி மாட்டியிருந்தால் பாக்ஸுக்கு இடம் இருக்காது. கை நுழையும் அளவு இடைவெளி வேண்டும். அப்புறம், டிவியின் சூடும் பாக்ஸின் சூடும் ஒரே இடத்தில் சேரும். டிவியின் பின்பக்கத்தில் காற்றுத் துளைகள் எங்கே இருக்கின்றன என்று பார்த்து, அவற்றை அடைக்காமல் மாட்ட வேண்டும். வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கும், சுவரில் மாட்டிய டிவிக்குப் பின்னால் இடம் உள்ளவர்களுக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

## மூன்றாம் வழி: வயர் வைத்த ஐஆர் எக்ஸ்டெண்டர்

யூனிட் முடிந்துவிட்டது, கதவும் மரம், பாக்ஸும் உள்ளேதான் இருக்க வேண்டும் என்றால் இதுதான் வழி. பலருக்கும் பொருந்துவது இதுவே என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

இதில் இருப்பவை மூன்றே பொருள்கள். வெளியே வைக்க ஒரு சிறு கண், அதாவது ரிசீவர். உள்ளே பாக்ஸின் முகப்பில் ஒட்ட ஒரு சிறு விளக்கு, அதாவது எமிட்டர். இரண்டுக்கும் 5 வோல்ட் மின்சாரம் கொடுக்க ஒரு யுஎஸ்பி வயர். ரிசீவர் வெளியே ரிமோட்டின் ஒளியை வாங்கி, வயர் வழியாக உள்ளே அனுப்ப, எமிட்டர் அதையே மறுபடி ஒளியாக விடுகிறது. ஆச்சியைப் பொறுத்தவரை எதுவுமே மாறவில்லை, பழைய ரிமோட்டைப் பழையபடி டிவி பக்கம் நீட்டினால் போதும். எல்லாம் ஒரே வயராக வரும் எளிய ரகம் சில நூறு ரூபாயில் கிடைக்கிறது. நடுவில் ஒரு சிறு பெட்டி வைத்து நான்கைந்து எமிட்டர் செருகும் ரகமும் உண்டு; ஹோம் தியேட்டரும் உள்ளே இருந்தால்தான் அது தேவை.

மின்சாரம். இந்த வழியில் நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவை இங்கேதான். யுஎஸ்பி முனை என்றதும் கை தானாகப் பாக்ஸின் பின்னால் இருக்கும் யுஎஸ்பி துளைக்குப் போகும். சில பாக்ஸ்களில் ரிமோட்டால் ஆஃப் செய்ததும் அந்தத் துளைக்கு மின்சாரம் நின்றுவிடும். அப்போது எக்ஸ்டெண்டரும் செத்துவிடும். ஆன் செய்யச் சொல்லும் கட்டளையைக் கொண்டுபோக ஆளில்லை. டிவியின் யுஎஸ்பியில் செருகினால், டிவியை ஆன் செய்த பிறகுதான் பாக்ஸை ஆன் செய்ய முடியும். அணைக்கும்போது பாக்ஸை முதலில் அணைக்க வேண்டும். சிலர் அதற்குப் பழகிக்கொள்வார்கள், பெரியவர்கள் உள்ள வீட்டில் அது குழப்பம்.

சரியான இடம், பாக்ஸ் செருகியிருக்கும் அதே பிளக் பாயின்டில் ஒரு பழைய போன் சார்ஜர். எக்ஸ்டெண்டர் இழுக்கும் மின்சாரம் மிகக் குறைவு என்பதால் எந்தச் சார்ஜரும் தாங்கும். பவர் பேங்க் மட்டும் வேண்டாம். அவ்வளவு குறைந்த மின்சாரம் போவதை அது சார்ஜ் முடிந்ததாக நினைத்து நின்றுவிடும். டிவியும் பாக்ஸும் இன்வெர்ட்டர் லைனில் இருந்தால் சார்ஜரும் அதே லைனில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மாதாந்திரப் பராமரிப்புக்குக் கரண்ட் நிறுத்தும் நாளில் டிவி ஓடும், ரிமோட் மட்டும் ஓடாது.

எமிட்டரின் இடம். பாக்ஸின் முகப்பு முழுவதும் கறுப்புப் பிளாஸ்டிக். அதில் கண் எங்கே இருக்கிறது என்று எழுதியிருக்காது. போன் டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பார்த்தால், பிளாஸ்டிக்குக்குப் பின்னால் கறுப்பாக ஒரு சிறு குமிழ் பல பாக்ஸ்களில் தெரியும். தெரியாவிட்டால், ஒருவர் வெளியே ரிமோட்டை அமுக்கிக்கொண்டிருக்க, இன்னொருவர் எமிட்டரை முகப்பின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஒரு சென்டிமீட்டர் ஒரு சென்டிமீட்டராக நகர்த்த வேண்டும். சேனல் மாறும் இடங்களின் நடுவே ஒட்டலாம். கண்ணின் மேலேயே அப்பினால் சில பாக்ஸ்களுக்கு ஒளி அதிகமாகிவிடும்; ஒரு தடவை அமுக்கினால் இரண்டு எண் விழும், அல்லது விழாமலே போகும். அப்போது எமிட்டரைச் சற்று விலக்கியோ, இரண்டு மூன்று சென்டிமீட்டர் முன்னால் தள்ளி அலமாரியின் தரையிலோ ஒட்டினால் சரியாகிவிடும்.

ஃபெவிக்விக் போட்டு ஒட்டாதீர்கள். பாக்ஸ் பல வீடுகளில் கேபிள்காரருடையது, கெட்டால் அவர் அதை மாற்றித்தான் தருவார்.

ரிசீவரின் இடம். டிவியின் அடியிலோ யூனிட்டின் மேல் விளிம்பிலோ வைக்கலாம். மேற்குப் பார்த்த ஜன்னல் உள்ள ஹாலில், சாயங்கால வெயில் நேராக அதன் மேல் விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வெயிலில் அகச்சிவப்பு நிறைய இருக்கிறது. அதில் ரிசீவரின் பார்வை மங்கி, கிட்டே போய் அமுக்கினால் மட்டும் வேலை செய்யும். பழைய சிஎஃப்எல் பல்புகளும் சில டிவிகளின் பின்விளக்கும்கூடத் தொந்தரவு செய்யும். ரிசீவரில் இருக்கும் சிறு விளக்கு யாரும் ரிமோட்டைத் தொடாமலே துடித்துக்கொண்டிருந்தால் காரணம் இதுதான்; அரை அடி நகர்த்திப் பாருங்கள். இன்னொன்று, எமிட்டரின் ஒளி ரிசீவருக்கே திரும்பி வரக் கூடாது. வந்தால் தானே பேசித் தானே கேட்டுக்கொள்ளும், பாக்ஸ் திணறும். கதவு மூடியிருக்கும்வரை இது நடக்காது. கதவைத் திறந்ததும் ரிமோட் கோளாறு செய்தால் இதைச் சந்தேகியுங்கள்.

வயர் பத்தவில்லை என்றால் 3.5 மில்லிமீட்டர் எக்ஸ்டென்ஷன் வயர் போடலாம், தனித்தனியாகச் செருகும் ரகத்தில். ரிசீவர் பக்கம் நீட்டும் வயர் மூன்று தொடர்பு உள்ளதாக, அதாவது செருகும் முனையில் இரண்டு கறுப்பு வளையம் உள்ளதாக இருக்க வேண்டும். எமிட்டருக்கு ஒரு வளையமே போதும். பாக்ஸின் பின்னால் அதே அளவில் ஒரு துளை இருக்கும், அதில் ரிசீவரைச் செருகிவிடலாமே என்று தோன்றும். பெரும்பாலான பாக்ஸ்களில் அது டிவிக்குப் படமும் ஒலியும் கொண்டுபோகும் ஏவி துளை. ஐஆர் என்று குறித்திருந்து, அந்த பாக்ஸுக்கென்றே விற்கும் கண் கிடைத்தால் மட்டும் பயன்படுத்துங்கள்.

### ஒரு வீட்டில் நடந்தது

பாளையங்கோட்டையில் என் மதினி வீடு. 6 அடி நீள யூனிட், நடு அறையில் பாக்ஸ், மைக்கா ஒட்டிய கதவு. அத்தான் ஒற்றை வயர் எக்ஸ்டெண்டர் ஒன்றை வாங்கி, கதவின் மேல் இடுக்கு வழியாக ரிசீவரை வெளியே எடுத்து, யுஎஸ்பியைப் பாக்ஸிலேயே செருகிவிட்டார். ராத்திரி முழுவதும் அருமையாக ஓடியது. காலையில் ஆச்சி ரிமோட்டை எடுத்தார்கள், "என்னத்த அமுக்கினாலும் வர மாட்டேங்கு" என்று கூப்பிட்டார்கள். கதவைத் திறந்து நேராக அமுக்கினால் பாக்ஸ் ஆன் ஆகிறது, மூடினால் இல்லை. பொருள் கெட்டுவிட்டது, திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று அத்தான் பில்லைத் தேட ஆரம்பித்துவிட்டார்.

நான் போய்ப் பார்த்தபோது பாக்ஸ் ஆஃபில் இருந்தது. ரிமோட்டை அமுக்கினால் ரிசீவரின் விளக்கு மினுக்கவே இல்லை. பாக்ஸை ஆன் செய்ததும் மினுக்கியது. அப்போதே தெரிந்துவிட்டது, யுஎஸ்பிக்கு மின்சாரம் நிற்கிறது. மேசை டிராயரில் கிடந்த பழைய போன் சார்ஜரைப் பாக்ஸின் பக்கத்து பிளக்கில் மாட்டி, அதில் செருகினோம். தீர்ந்தது.

இரண்டு நாள் கழித்து அடுத்த புகார். சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் மட்டும் எண்கள் ஒழுங்காக விழவில்லை. 115 அமுக்கினால் 15 போகிறது. மேற்கு ஜன்னல் வெயில் அந்த நேரத்தில் யூனிட்டின் வலது மூலையில், சரியாக ரிசீவர் மேல் விழுந்துகொண்டிருந்தது. ரிசீவரை இடது பக்கம், டிவியின் நிழலுக்கு மாற்றினோம். அதுவும் தீர்ந்தது. கோடை வந்ததும் எமிட்டரின் பசை சூட்டில் இளகிக் கீழே விழுந்தது. வயரின் கனம் எமிட்டரை இழுத்துக்கொண்டே இருந்ததுதான் அதற்குக் காரணம். பாக்ஸின் முகப்பைத் துடைத்து, புது இருபக்க டேப்பில் ஒட்டி, வயரை இரண்டு இன்ச் தள்ளி அலமாரிப் பலகையில் தனியாக டேப் போட்டுப் பிடித்தோம்; அதன் பிறகு விழவில்லை.

ஆனால் பலகையில் டேப் ஒட்டும்போது பாக்ஸின் மேல் கை வைத்தேன். வைத்திருக்க முடியவில்லை. ஆசாரியை வரச்சொல்லி, அந்த அறையின் பின்பலகையில் கீழே இரண்டு, மேலே இரண்டு என்று 2 இன்ச் ஓட்டைகள் போட்டு, பல்லியும் கரப்பானும் புகாமல் கொசுவலை ஒட்டினோம். சூட்டுக் காற்று மேலே போகும், கீழிருந்து புதுக்காற்று வரும். யூனிட் சுவரோடு ஒட்டியிருந்ததால் ஓர் இன்ச் முன்னால் இழுத்து வைக்க வேண்டியிருந்தது. எக்ஸ்டெண்டரின் விலையோடு இந்த ஓட்டைக் கூலியையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். அதைச் செய்ய மனமில்லை என்றால், பாக்ஸை மூடிய பெட்டிக்குள் வைக்காமலிருப்பதே நல்லது.

## நான்காம் வழி: ரேடியோ எக்ஸ்டெண்டர்

இதில் வயர் இல்லை. டிவி பக்கத்தில் ஒரு பெட்டி ரிமோட்டின் ஒளியை வாங்கி ரேடியோ அலையாக அனுப்பும். பாக்ஸ் பக்கத்தில் இன்னொரு பெட்டி அதை வாங்கி மறுபடி ஒளியாக விடும். விலை கூடுதல், இரண்டு பெட்டிக்கும் தனித்தனி அடாப்டர், இரண்டு பிளக்.

ஒரே அலமாரிக்கு இது தேவையில்லை. கீழ்வீட்டுப் பாக்ஸின் படத்தையே மாடி டிவிக்கும் நீளமான வயர் இழுத்துப் பார்ப்பவர்களுக்குத்தான் இது சரி. மாடியில் ரிமோட்டை அமுக்கினால் கீழே சேனல் மாற வேண்டும், ஒளி படியிறங்கி வராது. கான்கிரீட் தளம் ரேடியோ அலையையும் ஓரளவு உறிஞ்சும், அதனால் அட்டையில் போட்டிருக்கும் தூரத்தை நம்பாமல், திருப்பிக் கொடுக்க முடிகிற இடத்தில் வாங்குங்கள். இரும்பு அலமாரிக்குள் வைத்தால் வேலை செய்யாது.

## ஐந்தாம் வழி: போனில் ரிமோட்

போன் சொல்கிறபடி ரிமோட் ஒளியை விடும், வைஃபையில் இயங்கும் ஐஆர் பிளாஸ்டர் ஒன்றை அலமாரிக்குள் வைத்து, போனில் சேனல் மாற்றலாம். தனியாக இருக்கும் இளைஞர்களுக்குச் சரி, ரிமோட் தொலைந்தவர்களுக்கும் சரி. இது உங்கள் பழைய ரிமோட்டை உள்ளே கொண்டுபோகாது, அதற்குப் பதிலாகப் போனைக் கையில் கொடுக்கிறது. வைஃபை நின்றால் இதுவும் பெரும்பாலும் நிற்கும். பெரியவர்கள் உள்ள வீட்டில் இதை நான் எண்ணிப் பார்ப்பதே இல்லை.

## ஒரே பார்வையில்

| வழி | பழைய ரிமோட் | மின்சாரம் | சூடு | எப்போது நல்லது |
|---|---|---|---|---|
| பிரம்பு அல்லது சாய்வுச் சட்டக் கதவு | அப்படியே | வேண்டாம் | வெளியேறும் | யூனிட் இனிமேல்தான் அடிக்கப்போகிறீர்கள் |
| தெளிந்த கண்ணாடிக் கதவு | அப்படியே | வேண்டாம் | தங்கும் | பாக்ஸ் தெரிந்தாலும் பரவாயில்லை |
| டிவிக்குப் பின்னால் | அப்படியே | வேண்டாம் | டிவியின் சூடும் சேரும் | வாடகை வீடு, சின்ன பாக்ஸ் |
| வயர் எக்ஸ்டெண்டர் | அப்படியே | ஒரு சார்ஜர் | தங்கும், ஓட்டை கட்டாயம் | முடிந்த யூனிட், மரக்கதவு |
| ரேடியோ எக்ஸ்டெண்டர் | அப்படியே | இரண்டு அடாப்டர் | தங்கும், ஓட்டை கட்டாயம் | பாக்ஸ் வேறு அறையில் அல்லது வேறு மாடியில் |
| போன் | மாறும் | ஒரு சார்ஜர், வைஃபை | தங்கும், ஓட்டை கட்டாயம் | ரிமோட் இல்லை, போன் பழக்கம் உண்டு |

## எக்ஸ்டெண்டர் வேலை செய்யாவிட்டால்

கடைக்குத் திருப்பி எடுத்துப் போவதற்கு முன் வரிசையாகப் பாருங்கள். முதலில் கதவைத் திறந்து, ரிசீவரைப் பொத்திக்கொண்டு, ரிமோட்டால் நேராக பாக்ஸை அமுக்குங்கள். அதற்கும் அசையாவிட்டால் கோளாறு ரிமோட்டிலோ அதன் செல்லிலோ இருக்கிறது.

அடுத்து, ரிசீவரின் விளக்கு அமுக்கும்போது மினுக்குகிறதா? மினுக்காவிட்டால் மின்சாரத்தைப் பாருங்கள். தனித்தனி வயர் ரகம் என்றால் ரிசீவரையும் எமிட்டரையும் துளை மாற்றிச் செருகியிருக்கிறீர்களா என்றும் பாருங்கள். மினுக்கினால், எமிட்டரைப் போன் கேமராவில் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத அந்த ஒளி கேமராவில் ஊதா அல்லது வெள்ளைப் புள்ளியாக மின்னும். பின் கேமராவில் தெரியாவிட்டால் முன் கேமராவில் பாருங்கள். சில போன்களின் பின் கேமரா அகச்சிவப்பை வடிகட்டிவிடும். எமிட்டர் மின்னுகிறது, பாக்ஸ் அசையவில்லை என்றால் இடம் தவறு. மறுபடி நகர்த்திக் கண்ணைத் தேட வேண்டும்.

எமிட்டர் மின்னியும், எங்கே வைத்தாலும் பாக்ஸ் கேட்காமல், நேராக ரிமோட்டுக்கு மட்டும் கேட்டால், அந்த பாக்ஸின் மினுக்கல் வேகம் 38 கிலோஹெர்ட்ஸை விட்டு வெகுவாக விலகியிருக்கலாம். 36, 40 எல்லாம் பெரும்பாலும் ஓடிவிடும். 56 மாதிரி போனால் சாதாரண ரிசீவர் அதைச் சரியாகப் பிடிக்காது. அப்போது மட்டும் எக்ஸ்டெண்டரை மாற்ற வேண்டும். 30 முதல் 60 கிலோஹெர்ட்ஸ் வரை பிடிக்கும் என்று அட்டையில் போட்டிருக்கும் ரகம் பார்த்து வாங்குங்கள்.

கேபிள்காரர் பாக்ஸை மாற்றித் தந்தால் புது பாக்ஸின் கண் வேறு இடத்தில் இருக்கும். எமிட்டரைப் பழைய இடத்திலேயே ஒட்டிவிட்டுக் கதவைச் சாத்தாமல், அவர் போவதற்குள் டார்ச் அடித்துக் கண்ணைத் தேடி ஒட்டிவிடுங்கள். புது பாக்ஸை இயக்கிப் பார்க்க அவரும் ரிமோட்டோடு நின்றுகொண்டிருப்பார். அமுக்கிப் பார்க்க இன்னொரு ஆள் தேட வேண்டியதில்லை.